ஒன்றேகால் வினாடி

டப்பிங் படத்துக்கு வசனம் எழுதுகிறவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். மொழிபெயர்ப்பாளருக்குப் பொருளும் நடையும் சரியாக இருந்தால் போதும். வாக்கியம் நீண்டால் அடுத்த வரிக்குப் போய்விடலாம். டப்பிங் எழுத்தாளருக்கு அடுத்த வரி கிடையாது. திரையில் உள்ள நடிகர் வேறொரு மொழியில் பேசி முடித்துவிட்டார். அவர் வாய் எந்த நொடியில் திறந்தது, எங்கே உதடு சேர்ந்தது, எப்போது அடங்கியது என்பதெல்லாம் படச்சுருளில் பதிந்துபோன சங்கதி. அதற்குள் தமிழ் உட்கார வேண்டும். பெரும்பாலான வரிகள் இரண்டு மூன்று முயற்சிகளில் உட்கார்ந்துவிடும். ஒரு படத்தில் ஒன்றிரண்டு வரிகள் மட்டும் எத்தனை முறை எழுதினாலும் உட்காராது. அப்படி ஒரு வரியில் என்னதான் சிக்கல் என்று பார்த்தால் இந்தத் தொழிலின் பாதி நுணுக்கம் விளங்கிவிடும்.

முதலில் நேரக் கணக்கு. திரைப்படம் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 42 மில்லிவினாடி. ஒலி பிம்பத்தைவிட எவ்வளவு முந்தினால், எவ்வளவு பிந்தினால் பார்ப்பவருக்கு உறுத்தும் என்பதைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புத் துறைக்காக வரையறுத்திருக்கிறது. ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலே மனிதர்கள் கண்டுகொள்ளத் தொடங்குகிறார்கள்; பிந்தினாலோ 125 மில்லிவினாடி வரை தெரிவதில்லை. அதாவது ஒரு ஃபிரேம் முந்தக் கூடாது, மூன்று ஃபிரேம் வரை பிந்தலாம். தூரத்தில் துணி துவைப்பவரின் கை கல்லில் இறங்கிய பிறகே சத்தம் நம்மை வந்து சேர்கிறது. ஒலி ஒளிக்குப் பின்னால் வருவதற்குக் காது பழகியிருக்கிறது. முன்னால் வருவதை அது கேட்டதே இல்லை. ஒரு வரியை எங்கே தொடங்குவது என்று சந்தேகம் வந்தால் டப்பிங் தியேட்டரில் ஒரு ஃபிரேம் பின்னால் தள்ளி வைப்பது பாதுகாப்பு.

நேரத்தைவிடக் கடினமானது உதடு. மேலுதடும் கீழுதடும் சேர்ந்தால்தான் ப, ம பிறக்கும், மேல்பல் கீழுதட்டைத் தொட்டால் வ பிறக்கும் என்று நன்னூல் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லியிருக்கிறது. அந்த அறிவைத் தமிழ்ப் புலவர்கள் விளையாட்டாகவும் பயன்படுத்தினார்கள். துறைமங்கலம் சிவப்பிரகாசர் இயற்றிய திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி உதடு ஒட்டாமலும் குவியாமலும் படிக்கத்தக்கது. டப்பிங் எழுத்தாளருக்கு அதைவிடக் கடினமான நிபந்தனை. குறிப்பிட்ட ஃபிரேமில் உதடு ஒட்ட வேண்டும், மற்ற இடங்களில் ஒட்டக் கூடாது. திரையில் உதடு மூடியிருக்கும்போது காதில் 'கா' என்று விழுந்தால் குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

கண்ணும் காதும் தனித்தனியே வேலை செய்வதில்லை என்பதுதான் இதற்குக் காரணம். 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'க' என்று சொல்லும் வாயின் படத்தோடு 'ப' என்ற ஒலியைச் சேர்த்துப் போட்டபோது, பலருடைய காதில் விழுந்தது இரண்டும் அல்லாத 'த'. வாயில் பார்த்ததைக் கொண்டு மூளை காதில் விழுந்ததைத் திருத்திக்கொள்கிறது. இது டப்பிங்குக்குத் தொல்லை; சில சமயம் உதவியும்கூட.

எல்லா வரிக்கும் இந்தக் கண்டிப்பு இல்லை. நடிகர் முதுகு காட்டி நின்றால், தூரத்தில் இருந்தால், முகம் திரைக்கு வெளியே இருந்தால், தொடக்கமும் முடிவும் ஏறக்குறையப் பொருந்தினால் போதும். மூல மொழியைப் பொறுத்தும் மாறும். தெலுங்கிலிருந்து வரும் வசனத்தில் வினை கடைசியில் நிற்கிறது, தமிழிலும் அப்படியே. 'நாக்கு தெலியது' என்பதன் மேல் 'எனக்குத் தெரியாது' என்பதை வைத்தால் பெரிய வேலையே இல்லை. 1943-இல் கன்னடத்தில் எடுத்த ஹரிச்சந்திரா படத்தை ஏவி. மெய்யப்பன் தமிழில் டப் செய்தபோது இருந்த வசதியும் இதுவே. ஆங்கிலம் அப்படி அல்ல. அதில் ஓரசைச் சொற்கள் அதிகம். எதிர்மறை முன்னாலேயே வந்துவிடும். தமிழில் விகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு சொல் நீளும்; 'இல்லை' என்பதைக் கேட்க வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

இனி அந்த ஒரு வரி. விளக்கத்துக்காக ஓர் ஆங்கிலப் படக் காட்சியை அமைத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகளுக்கு முன் மகன் கண்மண் தெரியாமல் கார் ஓட்டியதில் விபத்து. அப்பாவுக்கு ஒரு கால் போய்விட்டது. தப்பு மகனுடையது என்பது இருவருக்கும் தெரியும்; இதுவரை இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது அப்பா மருத்துவமனைப் படுக்கையில் இருக்கிறார். முதல் ஷாட்டில் மகனின் முகம், மூன்று வினாடி, பேச்சில்லை. அடுத்து அப்பாவின் முகம் மிக நெருக்கத்தில். அவர் சொல்வது: "ஐ நெவர் பிளேம்ட் யூ." மூன்றாவது ஷாட் அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து, மகன் பாதி முகம் திருப்பிக்கொண்டு, "யூ ஷுட் ஹாவ்" என்கிறான். காட்சி முழுவதும் இந்த இரண்டு வரியில் நிற்கிறது.

அப்பாவின் வரி திரையில் 01:12:07:14 என்ற டைம்கோடில் தொடங்கி 01:12:08:20-இல் முடிகிறது. முப்பது ஃபிரேம், ஒன்றேகால் வினாடி. எழுத்தாளர் படத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி வாயைக் குறித்துக்கொள்கிறார். முதல் நான்கு ஃபிரேமில் 'ஐ', வாய் திறப்பு. எட்டாவது ஃபிரேமை ஒட்டி 'நெவர்' என்பதன் நடுவில் பல் உதட்டைத் தொடுகிறது. பன்னிரண்டில் 'பி' என்பதற்காக உதடு முழுதாக மூடுகிறது. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை 'ளே', வாய் திறப்பு. பத்தொன்பதில் 'ம்', மீண்டும் மூடல், மூன்று ஃபிரேம். இருபத்திரண்டிலிருந்து முப்பது வரை 'யூ', உதடு குவிந்து நிற்கிறது. முகம் திரையை நிறைத்திருப்பதால் ஒன்றும் மறையாது. அப்பா தலையை அசைக்கவில்லை என்பது ஒன்றுதான் சலுகை. 'நெவர்' என்னும்போது அவர் தலையை ஆட்டியிருந்தால், தமிழிலும் அந்த நொடியிலேயே மறுப்பு வந்தாக வேண்டும் என்ற மூன்றாவது நிபந்தனையும் சேர்ந்திருக்கும்.

நேர் மொழிபெயர்ப்பு 'நான் உன்னை ஒருபோதும் குறை சொன்னதில்லை'. இதில் பதின்மூன்று அசை. (இங்கே அசை என்பது யாப்பின் நேரும் நிரையும் அல்ல, ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்ற உச்சரிப்புக் கணக்கு.) ஒன்றேகால் வினாடிக்குள் பதின்மூன்று அசை என்றால் வினாடிக்குப் பத்துக்கு மேல். சண்டைக் காட்சியில்கூட மூச்சு வாங்கும். படுக்கையில் கிடக்கும் ஒருவர் நிதானமாகப் பேசினால் வினாடிக்கு ஐந்தாறு அசைதான் வரும். ஆக, இந்த வரிக்கு ஏழு அசை சௌகரியம், எட்டு அசை எல்லை.

பேச்சுத் தமிழுக்கு இறங்கினால் நீளம் குறையும். 'சொல்லியிருக்க வேண்டும்' என்ற ஏழு அசை 'சொல்லிருக்கணும்' என்று ஐந்தாகச் சுருங்குவது போல, இங்கேயும் 'உன்னக் குறை சொன்னதில்ல' என்று எட்டு அசையில் முடித்துவிடலாம். நேரம் பொருந்துகிறது. ஆனால் இந்த வரியில் ஓர் இதழொலியும் இல்லை. பன்னிரண்டாவது ஃபிரேமிலும் பத்தொன்பதிலும் அப்பாவின் உதடு மூடியிருக்க, குரல் மட்டும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்து 'உன் மேல தப்பே இல்ல'. ஏழு அசை. ம, ப இரண்டும் உண்டு. நடிகர் சற்று இழுத்துப் பிடித்தால் உதட்டோடு சேரும். ஆனால் அது பொய். தப்பு மகன்மேல்தான். அப்பா சொல்வது தப்பில்லை என்பதை அல்ல. தப்பு இருந்தும் நான் உன்னை நொந்துகொண்டதில்லை என்பதை.

'உன்மேல பழி போடல' என்று எழுதினால் உதட்டுக் கணக்கு வியக்கும்படி பொருந்துகிறது. எட்டு அசையைச் சமமாகப் பரப்பினால் 'ப' விழுவது பன்னிரண்டாவது ஃபிரேமில், 'போ' விழுவது பத்தொன்பதில். 'மே' என்பதன் மகரத்தைக்கூட எட்டாவது ஃபிரேமில் பல் உதட்டைத் தொடும் இடத்தில் மறைத்துவிடலாம். 'போ'வைக் கொஞ்சம் நீட்டினால் 'யூ'வின் குவிப்பும் பாதி கிடைக்கும். இந்த இடத்தில் பல எழுத்தாளர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். ஆனால் தமிழில் பழி போடுவது என்றால் செய்யாத ஒருவன்மேல் குற்றத்தைச் சுமத்துவது. இந்த மகன் செய்தவன். அவன் அடுத்த வரியில் 'போட்டிருக்கணும்' என்றால் 'என்மேல் வீண்பழி சுமத்தியிருக்க வேண்டும்' என்று ஆகும். இரண்டாவது வரி குலைந்தால் முதல் வரியும் போயிற்று.

இதைவிட ஆபத்தானது 'மன்னிச்சிட்டேன் எப்பவோ'. ஏழே அசை. கடைசியில் வரும் 'வோ' உதட்டைக் குவித்து, எவராலும் நிரப்ப முடியாத 'யூ'வை நிரப்பிவிடும். கேட்க உருக்கமாகவும் இருக்கும். பொருளோ நேர் எதிர். மன்னித்தேன் என்றால் ஒரு காலத்தில் குற்றவாளியாக நினைத்தேன் என்று ஒப்புக்கொள்வது. நினைத்ததே இல்லை என்பதுதான் அப்பாவின் பேச்சு.

உதட்டைத் துரத்தும்போது எழுத்தைப் பார்த்து ஏமாறும் இடங்களும் உண்டு. 'எப்பவும்', 'நானும்' என்று வரியை முடித்தால் காகிதத்தில் மகர மெய் தெரிகிறது. பேச்சில் அந்த 'ம்' மூக்கொலி கலந்த உயிராகக் கரைந்துவிடும், உதடு மூடாது. கடைசி உகரமும் இப்படித்தான். 'தப்புன்னு' என்று முடித்தால் 'யூ'வோடு சேரும் என்று தோன்றும். ஆனால் பேச்சில் சொல்லின் கடைசி உகரம் உதடு குவியாமலே ஒலிக்கும். 'பத்து', 'நாக்கு' என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தால் கடைசியில் உதடு குவியாததைக் காணலாம். அதனால் அனுபவமுள்ளவர்கள் வரியைப் பார்த்து ஒப்பிடுவதில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, படத்தை ஓடவிட்டு, நடிகரோடு கூடவே தாங்களும் வாயசைத்துச் சொல்லிப் பார்க்கிறார்கள். பிரான்சில் உதடு மூடும் இடங்களை முதலிலேயே ஒருவர் குறித்துவிடுவார். வசனம் படத்துக்கு அடியில் ஒரு பட்டையாக நகர்ந்துவர, குரல் கொடுப்பவர் ஒரு செங்குத்துக் கோட்டைச் சொல் தொடும்போது அதைப் பேசுவார்.

'உன்னத் தப்பா நெனைக்கல.' எட்டு அசை. பேச்சுத் தமிழில் ஓர் அப்பா உண்மையாகவே சொல்லக்கூடிய வாக்கியம் இது. 'ஐ நெவர்' என்பதன் மூன்றசைக்கு 'உன்னத் தப்' என்ற மூன்றசை சரியாக நிற்கிறது. பன்னிரண்டாவது ஃபிரேமில் 'ப்ப' உதட்டை மூடுகிறது. 'பா' திறக்கும்போது திரையிலும் வாய் திறந்திருக்கிறது. மகனும் 'நெனைச்சிருக்கணும்' என்று பதில் சொல்லலாம், பொருள் துளியும் சிதையாது. அவனுடைய முகம் பாதிதான் தெரிவதால் ஆறு அசை அங்கே சுமையல்ல. 'ணும்' என்ற முடிவில் நீயா நீங்களா என்பது தெரியாது. அப்பாவிடம் பேசும் மகனுக்கு 'நீங்க' என்று ஓரிரண்டு அசை கூடுதலாகச் செலவழிக்காமலே மரியாதை காப்பாற்றப்படுகிறது.

மீதி இரண்டு குறை. ஒன்று, 'நெவர்' வரவில்லை. 'நெனைக்கல' என்றால் அன்றைக்கு நினைக்கவில்லை என்றும் பொருள்படும். இதற்கு இடத்தை முந்தைய ஷாட்டில் கடன் வாங்கலாம். மகனின் முகம் தெரியும் மூன்று வினாடியில் கடைசி இருபது ஃபிரேமில் அப்பாவின் குரல் மட்டும் 'ஒரு நாளும்' என்று கேட்கட்டும். அப்போது அவர் திரையில் இல்லை, உதட்டுக் கவலை இல்லை. முகம் வந்ததும் ஒரு சின்ன மூச்சு, பிறகு மீதி வரி. இதற்கு விலை உண்டு. இயக்குநர் வேண்டுமென்றே வைத்த மௌனத்தில் கால்வாசிக்கு மேல் போகிறது. படத்தின் உரிமையாளரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. ஆனாலும் மௌனம் குறைவதா, பொருள் குறைவதா என்றால் மௌனம் குறைவதுதான் சிறிய இழப்பு.

இரண்டாவது குறை பத்தொன்பதாவது ஃபிரேம். உதடு 'ம்' என்று மூடியிருக்கும்போது குரல் 'நெ' என்கிறது. 'உன்னத் தப்பா பாக்கல' என்று மாற்றினால் அந்த 'பா' கச்சிதமாக விழும். ஓர் அசையும் மிச்சம். ஆனால் தமிழில் ஒருவரைத் தப்பாகப் பார்ப்பது என்பதற்கு வேறொரு வாடை இருக்கிறது. உருக்கமான இடத்தில் அரங்கில் யாராவது சிரித்துவிடுவார்கள். ஆகவே 'நெ' அங்கேயே இருக்கட்டும். பொருந்தாத ஒலிகளில் இதுதான் மிகக் குறைந்த பாவம். ந, ம இரண்டும் மூக்கொலி, காதுக்கு நெருக்கமானவை. மூடிய உதட்டைப் பார்த்தபடி 'நெ'யைக் கேட்கும்போது மூளை கொஞ்சம் தானே சமாதானம் செய்துகொள்ளும். அதே இடத்தில் 'கெ'யோ 'சொ'வோ வந்திருந்தால் சமாதானத்துக்கு வழியில்லை. கடைசிக் குவிப்புக்குத் தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை. குரல் கொடுப்பவர் வரியை மூன்று நான்கு ஃபிரேம் முன்னதாக முடித்து, குவிந்த உதட்டின் மேல் ஒரு பெருமூச்சை விட்டால் வாய் சும்மா அசைவது போல் தெரியாது.

இதற்கு மேல் சவுண்ட் என்ஜினீயரின் கை. பதிவான குரலைக் கணினியில் சில விழுக்காடு இழுக்கலாம், சுருக்கலாம், சொற்களுக்கு இடையே ஓரிரு ஃபிரேம் நகர்த்தலாம். அளவு மீறினால் குரலில் உலோகம் உரசுவது போன்ற ஒலி வரும். பதின்மூன்று அசை வரியை எட்டசை நேரத்துக்குள் இப்படி அடைக்க முடியாது. எழுத்தில் பொருந்தாததைக் கருவி பொருத்திவிடும் என்று நம்பி எழுதிய வரிகள்தான் அவசர டப்பிங்கில் எலி கீச்சிடுவது போல் ஓடுகின்றன.

தியேட்டரில் சரிபார்க்கும்போது கண்ணெல்லாம் உதட்டில் இருக்கும். 'மன்னிச்சிட்டேன் எப்பவோ' முதல் டேக்கிலேயே ஓகே ஆகிவிடும். அதன் குறை அந்த வரியில் தெரிவதில்லை. இரண்டு வினாடி கழித்து மகன் பேசும்போது, அவன் எதற்குப் பதில் சொல்கிறான் என்று புரியாமல் போகும்போதுதான் தெரிகிறது. அந்தச் சமயத்தில் அப்பாவின் குரல் பதிவு முடிந்து நடிகர் வீட்டுக்குப் போயிருப்பார். வசனத்தை வரி வரியாகப் பட்டியல் போட்டு, படத்தைக் காட்டாமல் எழுதச் சொல்லும் வழக்கத்தைத் தயாரிப்பாளர்கள் விட்டுவிட வேண்டும். எழுத்தாளருக்கு முழுக் காட்சியையும், அதன் முன்பின் ஷாட்டுகளையும், ஒரு வரியோடு ஒருநாள் மல்லாடும் அவகாசத்தையும் கொடுக்க வேண்டும்.